டிரையரில் துணி சுடுகிறது, ஆனால் காயவில்லை: ஹீட்டரை மாற்றும் முன் குழாயைப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எங்களுக்குக் குற்றாலம் பக்கம் இலஞ்சி. சாரல் ஆரம்பிச்சா வீட்டுல துணி காயாதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஏழு கிலோ டிரையர் வாங்கினோம். அப்போ ஒன்றரை மணி நேரத்துல காய்ஞ்சுது. இப்போ மூணு மணி நேரம் ஓடினாலும் துண்டும் லுங்கியும் ஈரமாவே இருக்கு, ஆனா தொட்டா கையைச் சுடுது. மெஷின் ஸ்டோர் ரூம்ல இருக்கு. அதுல இருந்து அலுமினிய ஃபாயில் குழாய் ஃபால்ஸ் சீலிங் வழியா ஒரு இருபது அடி போய், மேற்குச் சுவர்ல வெளியே வருது. நடுவுல நாலு மடக்கு. ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ணுறேன். மெக்கானிக் ஹீட்டர் போச்சு, மாத்தணும்னு சொல்றார். மாத்தலாமா?

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் தங்கச்சி. துணி கையைச் சுடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஹீட்டர் போன மெஷினில் எத்தனை மணி நேரம் சுற்றினாலும் துணி சில்லென்றுதான் வெளியே வரும். உங்கள் மெஷினில் சூட்டுக்குக் குறைவில்லை. காற்றுதான் வெளியே போக வழியில்லாமல் முட்டி நிற்கிறது.

ஏழு கிலோ பருத்தித் துணியை வாஷிங் மெஷினில் நன்றாகப் பிழிந்து எடுத்தாலும் அதில் ஏறக்குறைய நாலு லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும். உங்கள் டிரையருக்கு அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டி கிடையாது. நாலு லிட்டரும் ஆவியாகி, காற்றோடு கலந்து, அந்த ஒரே குழாய் வழியாகத்தான் வீட்டை விட்டுப் போக வேண்டும். ஹீட்டரின் வேலை தண்ணீரை ஆவியாக்குவதோடு முடிந்துவிடும். ஆவியை வெளியே தள்ளுவது உள்ளே இருக்கும் ப்ளோயர் விசிறி. குழாய் அடைபட்டால் ஆவி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். இட்லிக் கொப்பரையில் போட்ட ஈரத்துணி எவ்வளவு நேரம் வெந்தாலும் உலராது அல்லவா, அந்தக் கதைதான்.

இன்னொன்றும் நடக்கும். காற்றோட்டம் குறைந்ததும் ஹீட்டர் இருக்கும் இடம் அளவுக்கு மேல் சூடாகும். உடனே பக்கத்தில் உள்ள தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைத்துவிடும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி போடும், மறுபடி அணைக்கும். டிரம் மட்டும் விடாமல் சுற்றிக்கொண்டிருப்பதால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று மணி நேரம் ஓடிய மெஷினில் ஹீட்டர் பாதி நேரம்கூட எரிந்திருக்காது. ‘ஹீட்டர் சரியாக வேலை செய்யவில்லை’ என்று மெக்கானிக் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் பார்த்தது தவறில்லை, காரணத்தைத்தான் தவறான இடத்தில் தேடுகிறார். புது ஹீட்டர் போட்டாலும் இதே தெர்மோஸ்டாட் அதையும் அணைக்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். வீட்டில் மோட்டார், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, டிரையரை மட்டும் ஓட்டி, ஈபி மீட்டரில் மின்னும் சின்ன சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். ஹீட்டர் எரியும்போது அது படபடவென்று மின்னும். தெர்மோஸ்டாட் அணைத்ததும் விட்டுவிட்டு மெதுவாக மின்னும். துணி இன்னும் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே, ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் இப்படி வேகமும் மெதுவுமாக மாறி மாறி மின்னினால் காற்று முட்டுகிறது என்று அர்த்தம். துணி காய்ந்து முடியும் நேரத்தில் அப்படி மின்னுவது இயல்பு, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சாரல் ஈரம்தான் காரணமோ என்று உங்கள் பக்கத்தில் பலரும் கேட்பார்கள், அதையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சாரல் காலத்தில் 26 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை டிரையர் இழுத்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 15 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். மே மாதம் பாளையங்கோட்டையில் 38 டிகிரியும் 35 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை அதே 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் 12 சதவீதம் வரும். வித்தியாசம் அவ்வளவுதான். கொடியில் போட்ட துணிக்கு இலஞ்சியும் பாளையங்கோட்டையும் வேறு வேறு உலகம், டிரையருக்கு அப்படி இல்லை. சாரலால் பத்து நிமிடம் கூடலாம், ஒன்றரை மணி நேரம் கூடாது.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருவோம். குழாய் குற்றவாளியா, மெஷின் குற்றவாளியா என்பதை இது ஒன்றே பிரித்துக் காட்டிவிடும். ஒரே துணியைக் குழாயோடு ஒரு தடவையும் குழாய் இல்லாமல் ஒரு தடவையும் ஓட்டி, எவ்வளவு தண்ணீர் போனது என்று எடை போட்டுப் பார்க்க வேண்டும். எடைக்கு வெளிநாடு போகிறவர்கள் பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசு போதும். நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் அது இருக்கும்.

கடையநல்லூரில் உங்கள் வீட்டைப் போலவே ஒரு வீட்டில் நான் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். காய்ந்த துண்டுகள் மூன்று கிலோ எடுத்தோம். நனைத்து, வாஷிங் மெஷினில் பிழிந்தபின் 4.8 கிலோ இருந்தது, அதாவது 1.8 லிட்டர் தண்ணீர். குழாயோடு அரை மணி நேரம் ஓட்டி எடுத்தால் 4.4 கிலோ. அதே துண்டுகளை மறுபடி நனைத்துப் பிழிந்து அதே 4.8 கிலோவுக்குக் கொண்டுவந்து, மெஷின் நன்றாக ஆறியபின், பின்னால் குழாயைக் கழற்றிவிட்டு அதே அரை மணி நேரம் ஓட்டினோம். இந்த முறை 3.95 கிலோ. குழாயோடு 400 மில்லி, குழாய் இல்லாமல் 850 மில்லி. மெஷினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை, வேலை இரண்டு மடங்காகிவிட்டது. 2000 வாட் ஹீட்டர் அரை மணி நேரத்தில் அந்த அளவுதான் காயவைக்க முடியும் என்பதால் மெஷின் முழு ஆரோக்கியமாக இருப்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது.

இதை நீங்கள் செய்யும்போது ஸ்டோர் ரூம் கதவையும் ஜன்னலையும் முழுக்கத் திறந்து வையுங்கள். அறை புழுங்கும், பஞ்சு பறக்கும், பிறகு பெருக்கிக்கொள்ளலாம். பஞ்சைப் பிடிக்கிறேன் என்று காற்று வரும் வாயில் துணி எதையும் கட்ட வேண்டாம். கட்டினால் மறுபடி அடைப்புதான், சோதனையே பொய்யாகிவிடும். கதவைத் திறந்ததாலேயே ஓரளவு முன்னேற்றம் தெரிந்தால் அதுவும் ஒரு செய்திதான். டிரையர் வெளியே தள்ளும் அளவுக்குக் காற்றை அறையிலிருந்து இழுத்தாக வேண்டும். மூடிய ஸ்டோர் ரூமில் கதவுக்கு அடியில் உள்ள சந்து அதற்குப் போதாது. கதவின் கீழ்ப்பகுதியில் காற்று உள்ளே வரத் துளைத் தட்டி ஒன்று வைத்துவிட்டால் அந்தக் குறை நிரந்தரமாகத் தீரும்.

உங்கள் குழாயின் கணக்கு இது. அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதியில் நாலு அங்குல டிரையர் குழாய்க்கு அதிகபட்சம் 35 அடி நீளம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒவ்வொரு செங்கோண மடக்குக்கும் 5 அடியும், அரை மடக்குக்கு இரண்டரை அடியும் கழித்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு நாலு மடக்கு என்றால் 20 அடி கழிந்து மிச்சம் 15 அடிதான் அனுமதி. உங்களிடம் இருப்பதோ 20. அந்த விதியும் உள்ளே வழவழப்பான தகரக் குழாய்க்குச் சொன்னது, அங்கே ஓடும் பெரிய மெஷின்களை மனதில் வைத்துச் சொன்னது. உங்களுடைய சுருக்கம் சுருக்கமான ஃபாயில் குழாயில் காற்று ஒவ்வொரு மடிப்பிலும் உரசிக்கொண்டு போகிறது. ஏழு கிலோ மெஷினின் விசிறிக்கு அவ்வளவு தம் கிடையாது. மெஷினோடு வந்த புத்தகத்தில் குழாய் நீளத்துக்கு ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் முதல் வருடம் மட்டும் எப்படி ஒன்றரை மணி நேரத்தில் காய்ந்தது? அப்போது குழாய் காலியாக இருந்தது. ஃபில்டரை எவ்வளவு ஒழுங்காகச் சுத்தம் செய்தாலும் நுண்ணிய பஞ்சு அதைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருக்கும். புதுத் துண்டும் பருத்தி லுங்கியும் கொட்டும் பஞ்சு கொஞ்சநஞ்சமல்ல. குட்டையான நேர்க் குழாயில் காற்று வேகமாகப் போவதால் அந்தப் பஞ்சையும் வெளியே தள்ளிவிடும். நீளமான மடங்கிய குழாயில் காற்று மெதுவாகிறது, மடக்குகளில் பஞ்சு உட்காருகிறது. உட்கார்ந்ததும் வழி குறுகி, காற்று இன்னும் மெதுவாகி, இன்னும் பஞ்சு உட்காருகிறது. நாலு அங்குலக் குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் படிந்தால் வழி மூன்று அங்குலமாகிவிடும். அதே அளவு காற்றைத் தள்ள அப்போது நாலு மடங்குக்கு மேல் அழுத்தம் தேவைப்படும். கண்ணுக்குக் கால்வாசிதான் குறைந்த மாதிரி இருக்கும், விசிறிக்கோ கட்டுப்படியாகாது.

உங்கள் ஊரில் இதோடு தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சாரல் காலத்தில் குளுமையாக இருக்கும். ஆவி நிறைந்த சூடான காற்று அந்த மெல்லிய ஃபாயில் குழாயில் இருபது அடி போவதற்குள் ஆறி, உட்சுவரில் வியர்த்து, குழாய் எங்கே தொய்ந்து தொங்குகிறதோ அங்கே தேங்கும். பஞ்சு அதில் ஊறினால் களிமண் போல இறுகிவிடும். சீலிங் பலகையில் பழுப்புக் கறை வட்டமாக எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தொய்வு இருப்பது அதற்கு நேர் மேலேதான்.

அடுத்து வெளியே போய் அந்த மேற்குச் சுவரைப் பாருங்கள். அங்கே நம் ஊர்க் கொத்தனார்கள் செய்யும் ஒரு நல்ல காரியம் காத்திருக்கும். அணிலும் பல்லியும் நுழையாமல் இருக்கட்டும் என்று குழாய் வாயில் கொசுவலை வைத்துச் சிமெண்டு பூசிவிடுவார்கள். டிரையர் குழாய் வாயில் வலையே இருக்கக் கூடாது, பெரிய கண் வலைகூடக் கூடாது. கடையநல்லூர் வீட்டில் அந்த வலையில் படிந்திருந்த பஞ்சைக் கம்பளித் துண்டு மாதிரி முழுசாக உரித்து எடுத்தோம். பாதி நோய் அங்கேதான் இருந்தது. வலைக்குப் பதிலாக, காற்று வந்தால் திறந்து, காற்று நின்றால் மூடிக்கொள்ளும் தொங்கு மூடி ஒன்று போதும். மெஷின் ஓடும்போது அந்த மூடி நன்றாகத் தூக்கி நிற்க வேண்டும், கையை வைத்தால் காற்று பலமாக அடிக்க வேண்டும். குளவி கூடு கட்டி மூடியை ஒட்ட வைத்துவிடுவதும் உண்டு, அதையும் பாருங்கள்.

மேற்குச் சுவர் என்பதிலேயே எனக்கு ஒரு குறை உண்டு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று இலஞ்சிக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பித்தான் சுரண்டைப் பக்கம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். டிரையர் அதிகம் ஓடுவது அந்த மாதங்களில், அந்த மாதங்களில்தான் மேற்குக் காற்று மூடியை உள்ளே அழுத்தி வைக்கும். டிரையரிலிருந்து வரும் மெலிந்துபோன காற்றால் அதை எதிர்த்துத் தள்ள முடியாது. வாய் கிழக்கிலோ வடக்கிலோ இருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

ஆகவே குழாயைத் துப்புரவாக்கினால் இந்த வருடம் ஓடும், ஆனால் இதே வழியில் விட்டால் அடைப்பு திரும்ப வரும். நான் சொல்லும் தீர்வு மெஷினை நகர்த்துவது. வெளிச்சுவரை ஒட்டிய குளியலறை வராந்தாவோ, சமையலறைக்குப் பின்னால் உள்ள சாய்ப்போ, சாரல் தெறிக்காத இடம் எதுவானாலும் சரி. மெஷினுக்குப் பின்னால் சுவரில் ஒரு துளை, இரண்டு மூன்று அடி நேர்க் குழாய், அதிகம் போனால் ஒரு மடக்கு. பதினாறு ஆம்பியர் பாயிண்ட் ஒன்று இழுக்கும் செலவு ஹீட்டர் மாற்றும் செலவை விட அதிகமாக இருக்கலாம், ஆனால் ஒரே தடவைதான்.

குழாய்க்கு நாலு அங்குல தகரமோ அலுமினியமோ வேண்டும். ரெடிமேடாகக் கிடைக்காவிட்டால் தகரப் பட்டறையில் அளவு சொன்னால் ஜிஐ தகட்டில் உருட்டித் தருவார்கள். பிளம்பர் ‘நாலு இஞ்ச் பிவிசி போட்டுவிடலாம், மலிவு’ என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். சூட்டில் பிவிசி இளகும், தீப்பிடித்தால் புகையும் மோசமானது, நிலைமின்சாரத்தால் பஞ்சும் அதில் ஒட்டிக்கொள்ளும். சமையலறைச் சிம்னிக் குழாயோடு சேர்த்துவிடும் யோசனையும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சும் ஒன்றாகச் சேரக் கூடாத இரண்டு பொருள்கள். இணைப்புகளில் குழாயின் நுழையும் முனை காற்று போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிச் சொருகினால் அந்த விளிம்பே பஞ்சைப் பிடிக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவும் அப்படித்தான், அதனால் ஸ்க்ரூ போடாமல் அலுமினிய டேப் ஒட்டி, குழாயைக் கிளாம்பால் சுவரோடு பிடித்துவிடுங்கள். வெளியே பார்த்து லேசான சரிவு இருந்தால் வியர்வைத் தண்ணீர் தானாக வெளியே போகும். ஃபாயில் குழாய் வேண்டுமானால் மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் அடி மட்டும், இழுத்துப் பிடித்துப் போடலாம். அதைக் கண்ணுக்குத் தெரியாத சீலிங்குக்குள் விடவே கூடாது.

மெஷினை நகர்த்தும் வரை இருக்கும் குழாயில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். பஞ்சு இறுகியிருந்தால் ஃபாயிலைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம், பிரஷ் விட்டதும் கிழிந்துவிடும். புதுக் குழாய் வாங்கி, தேவையான நீளத்துக்கு மட்டும் வெட்டி, தொய்வில்லாமல் போடுவது நல்லது. வாங்கியபோது இருந்த முழு நீளத்தையும் சீலிங்குக்குள் சுருட்டித் திணித்திருப்பது சாதாரணமாக நடப்பதுதான். இருபது அடி என்று நீங்கள் நினைப்பதில் ஐந்தாறு அடி அந்தச் சுருட்டலாகவே இருக்கலாம்.

ஃபில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சை உருவி எடுத்ததும் சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். துணிக்கு வாசனைக்காகக் கண்டிஷனர் ஊற்றுகிறவர்கள் வீட்டில் வலைக்கண்களில் மெழுகு மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் உடனே இறங்காமல் மேலே தேங்கினால் காற்றும் அப்படித்தான் தேங்குகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஃபில்டர் உட்காரும் பொந்துக்குள் டார்ச் அடித்து, அங்கே விழுந்து கிடக்கும் பஞ்சையும் வேக்குவம் கிளீனரின் ஒல்லியான முனையால் இழுத்துவிடுங்கள்.

இந்த அடைப்பு தீரும் வரை மெஷினை ஓடவிட்டுவிட்டுக் கடைக்கோ தூங்கவோ போகாதீர்கள். அளவுக்கு மேல் சூடாகும் ஹீட்டரும் காய்ந்த பஞ்சும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, தெர்மோஸ்டாட் ஒன்றுதான் காவல். அதோடு, சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியலில் தலை துவட்டிய துண்டையும் அடுப்படிக் கரித்துணியையும் டிரையரில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். துவைத்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது. சூடான எண்ணெய்த்துணி குவியலாகக் கிடந்தால் தானாகவே மேலும் சூடாகித் தீப்பிடிக்கக் கூடும். அவை கொடியிலேயே காயட்டும், இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

கடைசியாக, மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கக்கூடிய ஒரு நிலைமை உண்டு. குழாயைக் கழற்றி ஓட்டியும் அரை மணி நேரத்தில் 400 மில்லிதான் போகிறது என்றால் குழாயை விட்டுவிட்டு மெஷினைப் பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் வோல்டேஜ். ஹீட்டரின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப இறங்கும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் ஹீட்டர், மாலையில் 190 வோல்ட் வரும்போது ஏறக்குறைய 1365 வாட்தான் தரும். வோல்டேஜ் சரியாக இருந்தும், மீட்டர் விளக்கு விடாமல் ஒரே சீராக மின்னியும், துணி வெதுவெதுப்பைத் தாண்டவில்லை என்றால் ஹீட்டருக்குள் இருக்கும் இரண்டு சுருளில் ஒன்று அறுந்திருக்கலாம். மல்டிமீட்டர் வைத்து அதை உங்கள் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். காட்டினால் தாராளமாக மாற்றுங்கள்.